சுற்றுலாப் பேருந்து இடங்களுக்கான குலுக்கல்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கோளரங்கச் சுற்றுலாவுக்கு 67 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பேருந்தில் மாணவர்களுக்கு 42 இடங்களே உள்ளன. முதலில் பணம் கட்டியவருக்கு இடம் என்றால் கையில் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைதான் பின்தங்கும். மதிப்பெண் பார்ப்பதும் சரியல்ல. எனவே வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி அரங்கில் குலுக்கல் நடக்கும். நீங்களும் வரலாம்.

இரண்டு இரட்டையர் ஜோடிகளுக்கு ஜோடிக்கு ஒரே சீட்டு. ஆக மொத்தம் 65 சீட்டுகள். ஒரே அளவுத் தாளில் எழுதி, எல்லாவற்றையும் இரண்டாக மடிப்போம். மடிப்பு மாறினால் விரலுக்கே தெரிந்துவிடும். உங்கள் முன்னிலையில் எண்ணிப் பெட்டியில் போடுவோம். அடியில் போட்டவை அடியிலேயே தங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர் எடுப்பார்.

கடைசிச் சீட்டுவரை எடுப்போம். 42 இடங்களுக்குப் பின் வரும் வரிசையே காத்திருப்புப் பட்டியல். ஓரிடம் மட்டும் மிச்சமிருக்கும்போது இரட்டையர் சீட்டு வந்தால், அவர்கள் விரும்பினால் ஒருவர் போகலாம். இல்லையேல் இருவரும் பட்டியலில் முதலிடம் பெறுவர்.

தேர்வானவர்கள் திங்கள் மாலைக்குள் ஒப்புதல் படிவம் தர வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். இடத்தை நண்பருக்கு மாற்றித்தர முடியாது. குலுக்கலுக்கு முன் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்