தனிநிலைக் கணிதம்: முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு, வினாவும் விடையும்

பி.எஸ்சி. கணினி அறிவியல், முதலாம் ஆண்டு
பாடப்பகுதி: மெய் அட்டவணை, நிபந்தனைக் கூற்று, தர்க்கச் சமானம்
நேரம்: 1 மணி. மதிப்பெண்: 30

திருத்திய விடைத்தாளோடு இந்தத் தாளையும் வைத்துப் படியுங்கள். விடையை மட்டும் பார்த்துவிட்டு நகர வேண்டாம். p → q பொய்யாவது ஒரே ஒரு வரிசையில்தான்: p மெய், q பொய். இந்தத் தேர்வின் ஆறு வினாக்களில் ஐந்து அந்த ஒரு வரிசையிலிருந்து பிறந்தவை. அது கைவசமானால் மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை.

வினா 1. மெய்யா, பொய்யா? காரணத்தோடு எழுதுக. (4)

(அ) 7 பகா எண் என்றால், 7 இரட்டை எண்.
(ஆ) 9 பகா எண் என்றால், 9 ஒற்றை எண்.
(இ) 2 + 3 = 6 என்றால், மதுரை கேரளாவில் உள்ளது.
(ஈ) (8 ஒற்றை எண்) ↔ (2 + 2 = 5)

விடை: (அ) பொய். மற்ற மூன்றும் மெய்.

(ஆ)வில் முன்கூற்று பொய், பின்கூற்று மெய். (இ)யில் இரண்டுமே பொய். இரண்டு இடத்திலும் p → q மெய். (ஈ)யில் இரு பக்கமும் ஒரே மெய்மதிப்பு, அதனால் மெய்.

(இ)யைப் பார்த்து “இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று விடைத்தாளிலேயே கேட்டிருந்தவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. → என்ற குறி காரண காரியத் தொடர்பைச் சொல்வதில்லை, மெய்மதிப்புகளை மட்டுமே பார்க்கிறது. சரி, முன்கூற்று பொய்யானால் ஏன் மெய் என்று வைக்க வேண்டும்? “n 4-ஆல் வகுபட்டால், n இரட்டை எண்” என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா முழு எண்ணுக்கும் இது மெய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போது n = 8 போடுங்கள்: T → T. n = 6 போட்டால் F → T. n = 3 போட்டால் F → F. கூற்று எல்லா எண்ணுக்கும் மெய் என்று ஒப்புக்கொண்டோம் அல்லவா? அப்படியானால் இந்த மூன்று வரிசையும் மெய்யாகத்தான் இருந்தாக வேண்டும். 4-ஆல் வகுபடும் ஓர் ஒற்றை எண் கிடைத்தால் மட்டுமே கூற்று உடையும். அதுதான் T → F.

வினா 2. மேசை மேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: அ, க், 4, 7. “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்” என்ற விதி மெய்யா என்று சோதிக்க, எந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? (4)

விடை: அ, 7. இவை இரண்டு மட்டும்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் அமைத்த சோதனையின் தமிழ் வடிவம் இது. பெரும்பாலோர் அ, 4 என்று சொல்வது அப்போதிருந்தே அறிந்த விஷயம். நம் வகுப்பிலும் அந்த விடைதான் அதிகம் வந்தது.

உடைக்கக்கூடிய அட்டையைத் தேடுங்கள். உயிரெழுத்தும் ஒற்றை எண்ணும் ஒன்றாக வந்தால்தான் விதி உடையும். ‘அ’வின் பின்னால் ஒற்றை எண் இருக்கலாம், திருப்ப வேண்டும். ‘7’-இன் பின்னால் உயிரெழுத்து இருக்கலாம், அதையும் திருப்ப வேண்டும். ‘4’-இன் பின்னால் எது இருந்தாலும் விதிக்கு ஆபத்தில்லை: உயிர் என்றால் T → T, மெய்யெழுத்து என்றால் F → T. ‘க்’ அட்டையில் முன்கூற்றே பொய். ‘4’ஐத் திருப்பியவர்கள் q → p-ஐச் சோதித்திருக்கிறார்கள், கேட்டது p → q. ஒரு அட்டை மட்டும் சரி என்றால் 2 மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

வினா 3. (p → q) → r, p → (q → r) இரண்டுக்கும் ஒரே மெய் அட்டவணை அமைத்து, அவை தர்க்கச் சமானமா எனக் காண்க. (7)

| p | q | r | p → q | (p → q) → r | q → r | p → (q → r) |
|---|---|---|---|---|---|---|
| T | T | T | T | T | T | T |
| T | T | F | T | F | F | F |
| T | F | T | F | T | T | T |
| T | F | F | F | T | T | T |
| F | T | T | T | T | T | T |
| F | T | F | T | F | F | T |
| F | F | T | T | T | T | T |
| F | F | F | T | F | T | T |

ஆறாவது, எட்டாவது வரிசைகளில் இரண்டும் வேறுபடுகின்றன. ஆகவே சமானம் அல்ல. ∧, ∨ இரண்டுக்கும் அடைப்புக்குறியை இடம் மாற்றலாம், →க்கு மாற்ற முடியாது.

வரிசைகளை இந்த ஒழுங்கில் எழுதும் பழக்கத்தை விடாதீர்கள். நினைவுக்கு வந்தபடி எழுதினால் ஒரு வரிசை இரண்டு முறை வரும், இன்னொன்று விட்டுப்போகும். சமானம் அல்ல என்று காட்ட வேறுபடும் ஒரு வரிசை போதும். சமானம் என்று சொல்லத்தான் எட்டும் வேண்டும். அட்டவணையைச் சரியாகப் போட்டுவிட்டு முடிவை எழுதாமல் விட்டவர்களுக்கு 1 மதிப்பெண் குறைந்திருக்கிறது.

வினா 4. மெய் அட்டவணை இல்லாமல் நிறுவுக: p → (q → r) ≡ (p ∧ q) → r. (4)

```
p → (q → r) ≡ ¬p ∨ (¬q ∨ r)
            ≡ (¬p ∨ ¬q) ∨ r
            ≡ ¬(p ∧ q) ∨ r
            ≡ (p ∧ q) → r
```

முதல் வரியிலும் கடைசி வரியிலும் a → b ≡ ¬a ∨ b, இரண்டாவதில் சேர்ப்பு விதி, மூன்றாவதில் டி மார்கன் விதி. விதியின் பெயரைப் பக்கத்தில் எழுதினால்தான் முழு மதிப்பெண். நிரல் எழுதும்போது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு `if` வைப்பதும், `&&` போட்டு ஒரே `if` ஆக்குவதும் (`else` இல்லாதவரை) ஒன்றுதான் என்பதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சமானமே.

வினா 5. “n 6-ஆல் வகுபட்டால், n 3-ஆல் வகுபடும்.” இதன் மறுதலை (q → p), எதிர்மறை (¬p → ¬q), நேர்மாறு (¬q → ¬p), மறுப்பு ¬(p → q) ஆகியவற்றை எழுதி, முதல் மூன்றும் எல்லா முழு எண்ணுக்கும் மெய்யா எனக் கூறுக. (5)

மறுதலை: n 3-ஆல் வகுபட்டால், 6-ஆல் வகுபடும். பொய், n = 9.
எதிர்மறை: n 6-ஆல் வகுபடாவிட்டால், 3-ஆல் வகுபடாது. பொய், அதே 9.
நேர்மாறு: n 3-ஆல் வகுபடாவிட்டால், 6-ஆல் வகுபடாது. மெய்.
மறுப்பு: n 6-ஆல் வகுபடுகிறது, ஆனால் 3-ஆல் வகுபடவில்லை.

மறுதலையையும் எதிர்மறையையும் ஒரே எண் வீழ்த்தியது தற்செயல் அல்ல, அவை ஒன்றுக்கொன்று சமானம். மறுப்பில் “வகுபட்டால்” என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் இல்லை. ¬(p → q) ≡ p ∧ ¬q, அதில் நிபந்தனை காட்டும் ‘ஆல்’ விகுதிக்கு இடமே கிடையாது.

வினா 6. பின்வருவன மெய்மங்கள் எனக் காட்டுக. (அ)வுக்கு அட்டவணை கூடாது. (3 + 3)

(அ) [(p → q) ∧ (q → r)] → (p → r)
(ஆ) ((p → q) → p) → p

(அ) பொய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முன்பகுதி மெய், p → r பொய். அதாவது p = T, r = F. p → q மெய் என்பதால் q = T. இப்போது q → r என்பது T → F, பொய். முன்பகுதி மெய் என்றதோடு இது முரண்படுகிறது. எனவே எந்த வரிசையிலும் இது பொய்யாகாது.

(ஆ) சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் 1885-இல் வெளியிட்ட விதி. பார்க்க மிரட்டும், அட்டவணையோ நான்கே வரிசை.

| p | q | p → q | (p → q) → p | முழுக் கூற்று |
|---|---|---|---|---|
| T | T | T | T | T |
| T | F | F | T | T |
| F | T | T | F | T |
| F | F | T | F | T |

நான்காவது நிரலை முதல் நிரலோடு ஒப்பிடுங்கள். (p → q) → p என்பது p-க்கே சமானம், q-க்கு அங்கே வேலையே இல்லை. முழுக் கூற்றும் p → p ஆகிவிடுகிறது. அட்டவணைக்குப் பதிலாக இதை விதிகளால் காட்டியவர்களுக்கும் முழு மதிப்பெண் உண்டு.

மதிப்பெண் கூட்டலில் சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளைக்குள் விடைத்தாளோடு வாருங்கள். வினா 2-லும் 5-லும் தவறவிட்டவர்கள், மதிப்பெண் சரியாக இருந்தாலும் வாருங்கள். அடுத்த வாரம் அளவையுறுத்திகளுக்குள் போவதற்கு முன் இவற்றைச் சேர்ந்து ஒரு முறை போட்டுப் பார்த்துவிடலாம்.