நினைவூட்டல்களின் மாதாந்திரத் தணிக்கைக் குறிப்பு: ஆகஸ்ட் 2025

நாள்: 1.8.2025, வெள்ளிக்கிழமை
இடம்: ஆலை அலுவலகம், கிருஷ்ணகிரி
அனுப்புநர்: அலுவலக மேலாளர்
பெறுநர்: பங்குதாரர்கள் இருவரும். படி: கணக்கர், பாய்லர் இயக்குநர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, பண்டகக் காப்பாளர்

பெங்களூரா மாம்பழ வரத்து ஓய்ந்து, இவ்வாண்டின் கடைசிக் கூழ் ஓட்டம் ஜூலை இறுதியில் முடிந்துவிட்டதால், இம்மாதத் தணிக்கை மற்ற மாதங்களைவிடச் சற்று நீளமாக அமைந்துள்ளது. அலுவலகக் கணினியின் நாட்காட்டி, பங்குதாரர்களின் கைப்பேசிகள், வாட்ஸ்அப் குழு, பாய்லர் அறைக் கரும்பலகை ஆகிய நான்கு இடங்களிலும் இன்று நடப்பில் இருக்கும் நினைவூட்டல்கள் 38. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: சென்ற முறை இது ஒலித்தபோது யார் எழுந்து என்ன செய்தார்? பதில் கிடைத்தவை தொடர்கின்றன. ஒலித்த மறுகணமே விரலால் தள்ளிவிடப்பட்டவை நிறுத்தப்படுகின்றன, அல்லது அந்த வேலையைச் செய்யக்கூடியவரின் கண்ணில் படும் இடத்துக்கு நகர்த்தப்படுகின்றன. யாரும் பொருட்படுத்தாத நினைவூட்டல் பக்கத்தில் இருக்கும் முக்கியமானதையும் சேர்த்துத் தள்ளிவிடும் பழக்கத்தை உண்டாக்கிவிடுவதால், எண்ணிக்கையைக் குறைப்பதில் நான் தயக்கம் காட்டவில்லை.

பருவத்துக்கு உரியவை

பழுக்க வைக்கும் அறையின் வெப்பநிலை, காலை ஆறு மணிக்கு மண்டி விலை, இரவு ஷிப்ட் வண்டி, தோல் கொட்டை ஏற்றும் லாரி, குழாய் கழுவும் காரத்தின் இருப்பு ஆகிய ஐந்தும் இன்றுடன் நடப்புப் பட்டியலிலிருந்து விலகுகின்றன. இவற்றை அழிக்கவில்லை; "பருவப் பட்டியல்" என்ற தனி நாட்காட்டிக்கு நகர்த்தி, ஒலியை அணைத்து, 15.4.2026 அன்று மீண்டும் எழும்படி வைத்துள்ளேன். ஆலையில் ஒரு பழம்கூட இல்லாத நாளிலும் பழுக்க வைக்கும் அறை பற்றி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலித்துக்கொண்டிருந்தால், வரும் ஆண்டு உண்மையிலேயே எத்திலீன் அளவைப் பார்க்க வேண்டிய வேளையிலும் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வரி, பி.எஃப்., இ.எஸ்.ஐ.

இப்பகுதியில்தான் தேவையற்ற பெருக்கம் அதிகம். GSTR-1 தொடர்பாக மூன்று நினைவூட்டல்கள் இருந்தன: விற்பனைப் பட்டியல்களைத் திரட்ட ஒன்று, தாக்கல் செய்ய ஒன்று, தாக்கல் ஆனதா என்று பார்க்க ஒன்று. மூன்றையும் இணைத்து, ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதி கணக்கருக்கு மட்டும் ஒலிக்கும் ஒரே நினைவூட்டலாக்கியுள்ளேன். கடைசி நாள் 11 என்றாலும், 14ஆம் தேதி உருவாகும் GSTR-2B பட்டியலில் நம் பட்டியல்கள் தெரிந்தால்தான் கூழ் வாங்கும் நிறுவனங்கள் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும், அது தெரியாவிட்டால் அவர்கள் நமக்குத் தர வேண்டிய தொகையை நிறுத்தி வைப்பார்கள் என்பதையும் நினைவூட்டலின் குறிப்பிலேயே எழுதிவிட்டேன். காரணம் தெரிந்த நினைவூட்டலை மனிதர்கள் எளிதில் ஒதுக்குவதில்லை. அதேபோல், GSTR-3B-க்குப் பணம் கட்டவும் படிவம் தாக்கல் செய்யவும் இருந்த இரண்டும் 17ஆம் தேதிக்குரிய ஒன்றாக இணைகின்றன. கடைசி நாள் 20.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கடைசி நாள் ஒவ்வொரு மாதமும் 15 ஆதலால், தனித்தனியாக இருந்த இரண்டும் ஒன்றாகின்றன. இம்மாதம் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை சுதந்திர தினமாகவும், மறுநாள் கிருஷ்ண ஜெயந்தியாகவும், அதற்கு மறுநாள் ஞாயிறாகவும் இருப்பதால், இம்மாதத்துக்கு மட்டும் நினைவூட்டலை 11ஆம் தேதிக்கு முன்தள்ளியுள்ளேன். தொழிலாளரின் பங்குத் தொகையை உரிய நாளுக்குள் கட்டத் தவறினால் அத்தொகை வருமான வரியில் செலவாக ஏற்கப்படாது என்று 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ள நிலையில், ஒரு நாள் தாமதமும் வட்டியோடு நின்றுவிடுவதில்லை. இனி ஒவ்வொரு மாதத் தணிக்கையிலும் 7, 11, 15, 20 ஆகிய தேதிகள் விடுமுறையில் விழுகின்றனவா என்று முதலில் பார்ப்பேன்.

டி.டி.எஸ். 7ஆம் தேதிக்குரியது, அது இருந்தபடியே தொடர்கிறது. முன்கூட்டிய வருமான வரியின் அடுத்த தவணைக்கான செப்டம்பர் 15, தொழில் வரியின் முதல் அரையாண்டுக்கான செப்டம்பர் 30, இரண்டும் தொடர்கின்றன. வரித் தணிக்கை அறிக்கைக்கான நினைவூட்டல் செப்டம்பர் 25இல் இருந்தது. தணிக்கையாளர் கேட்கும் இருப்புக் கணக்கையும் தோட்டக்காரர் பேரேட்டையும் ஐந்து நாளில் திரட்டித் தர முடியாது என்பதால் அதை ஆகஸ்ட் 25க்கு நகர்த்தியுள்ளேன்.

தோட்டக்காரர் பாக்கி

இந்த ஒரு நினைவூட்டலைப் பற்றிப் பங்குதாரர்கள் இருவரிடமும் பேசிய பிறகே முடிவு செய்தேன். திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு "தோட்டக்காரர் பாக்கி" என்ற இரண்டு சொற்களோடு இருவரின் கைப்பேசிகளிலும் இது ஒலித்துவந்தது. இருவருக்கும் ஒலித்ததால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிட இடமிருந்தது. காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து பழம் ஏற்றிவிட்டவர்கள் ஆடி மாதத்தில் பணத்தை எதிர்பார்ப்பவர்கள். ஞாயிறன்று ஆடிப்பெருக்கு வருகிறது, அதைத் தொடர்ந்து பலருக்கு உரம், மருந்துக் கடைப் பாக்கி இருக்கும். நாளைய தினம் அவர்கள் தங்கள் பழத்தை வேறு ஆலைக்குக் கொண்டுபோக எந்தத் தடையும் இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஆகவே நினைவூட்டல் மூத்த பங்குதாரருக்கு மட்டும் ஒலிக்கும். முந்தைய நாள் மாலைக்குள், தோட்டக்காரர்களின் பெயர், ஊர், எடைச்சீட்டு எண், நிலுவைத் தொகை ஆகியவற்றோடு கூடிய பட்டியலைக் கணக்கர் அதிலேயே இணைத்துவிட வேண்டும். கடைசித் தோட்டக்காரரின் கணக்கு முடிந்ததும் கணக்கர் எனக்குத் தெரிவித்தால், அதுவும் பருவப் பட்டியலுக்குப் போகும்.

இதனோடு தொடர்புடையது, டின், டிரம், ஆய்வகம் என மூன்று வழங்குநர்களுக்குத் தனித்தனியே இருந்த பணம் செலுத்தும் நினைவூட்டல்கள். இவர்கள் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்கள் ஆதலால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் போய்ச் சேர வேண்டும். மூன்றும் இணைந்து, வெள்ளிதோறும் "கெடு நெருங்கும் பில்கள்" என்ற ஒன்றாகின்றன. எந்த பில்லுக்கு எந்தக் கெடு என்பதைக் கணக்கர் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். நினைவூட்டலில் அதைத் திணிக்க வேண்டாம்.

பாய்லர், ஜெனரேட்டர், கழிவுநீர்

பாய்லரின் ஆண்டு ஆய்வு குறித்த நினைவூட்டல் பங்குதாரரின் கைப்பேசியில் செப்டம்பரில் இருந்தது. சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், செப்டம்பரில் ஆய்வு முடித்தால் அந்தச் சான்றிதழின் முக்கால் பங்கு, பாய்லர் குளிர்ந்து கிடக்கும் மாதங்களிலேயே கழிந்துவிடும். பருவ உச்சத்தில் அது முடிவை நெருங்கும். சான்றிதழ் இல்லாத பாய்லரில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதில் பேச்சுக்கே இடமில்லை, ஆனால் இப்போது மூட்டத் தேவையும் இல்லை. எனவே நினைவூட்டல் 1.2.2026க்கு நகர்கிறது, மார்ச்சில் ஆய்வு முடியும்படி விண்ணப்பிக்கலாம். இடமும் மாறுகிறது: கைப்பேசியிலிருந்து நாட்காட்டிக்கும், பாய்லர் அறைக் கரும்பலகைக்கும். நீரை வடித்து உலர வைத்திருக்கும் இந்த மாதங்களில் உள்ளே வைத்த ஈரம் உறிஞ்சும் பொருளை மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னதால், இத்தணிக்கையில் புதிதாகச் சேரும் ஒரே நினைவூட்டல் அதுவே. அது கரும்பலகையில் மட்டும் இருக்கும்.

ஜெனரேட்டர் ஆயில் மாற்றுவது மாதக் கணக்கில் ஒலித்தது. பருவத்தில் இரவு பகலாக ஓடும் இயந்திரத்துக்கு மாதக் கணக்கு தாமதம். ஓடாத மாதங்களில் அதே கணக்கு வீண். இனி மீட்டரில் ஓடிய மணியைத் திங்கள்தோறும் எழுதுவதே நினைவூட்டலின் வேலை. ஆயில் மாற்றும் முடிவை அந்த எண் சொல்லும். பாட்டரி இறங்காதிருக்க அன்றே சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கவும்.

கழிவுநீர் நிலையத்தின் அன்றாட அளவீடு வாரத்துக்கு ஒருமுறையாக நகர்கிறது. காற்றூட்டியை முற்றிலும் நிறுத்திவிட்டால் தொட்டியின் நுண்ணுயிர்கள் மடிந்து, பருவத் தொடக்கத்தில் மறுபடி வளர்க்க நாளாகும் என்பதால், குறைந்த நேரமாவது அது ஓடுகிறதா என்பதே இனி அந்த நினைவூட்டலின் கேள்வி.

உரிமமும் தரமும்

உணவுப் பாதுகாப்பு ஆண்டறிக்கை மே 31க்கு முன்பே அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டுக்கான நினைவூட்டல் தொடர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூழ் மாதிரியைப் பரிசோதித்து முடிவை FoSCoS தளத்தில் ஏற்றுவதற்கான நினைவூட்டல் செப்டம்பர் 30இல் இருந்தது. அன்று ஒலித்தால் மாதிரி அனுப்பத்தான் நேரம் இருக்கும், முடிவு வர இருக்காது. ஆகவே செப்டம்பர் 1க்கு நகர்கிறது, பொறுப்பு தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு. எடைமேடைக்கும் தராசுகளுக்கும் முத்திரையிடும் ஆண்டு நினைவூட்டல் தொடர்கிறது. தீயணைப்புக் கருவிகள், எலிக் கட்டுப்பாடு, குடிநீர்த் தொட்டி கழுவுதல், கிடங்கு இருப்பு ஆகியவற்றில் மாற்றம் இல்லை.

முற்றிலும் நிறுத்தப்படுபவை

நான்கு. இணைய இணைப்புக் கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிகிறது. தண்ணீர் லாரியை வரவழைக்கும் நினைவூட்டல் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு பொருளற்றது. தணிக்கையாளருக்கு மாதந்தோறும் தாள்களை அனுப்பச் சொல்வது, அவரே கணக்கைத் திரையில் பார்க்கத் தொடங்கிய பிறகும் ஒலித்துவந்தது. நான்காவது, பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்றின் விலையைக் கேட்பது. வண்டி விற்றே போய்விட்டதாம், நினைவூட்டல் மட்டும் மாதந்தோறும் நம்மிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து பருவப் பட்டியலுக்குப் போய், நான்கு நிற்க, இணைப்பில் ஆறு குறைய, புதிதாக ஒன்று சேர, நடப்பில் எஞ்சுபவை 24. அடுத்த தணிக்கை 1.9.2025 திங்களன்று. மேற்கண்டவற்றில் மறுப்பு உள்ளவர்கள் நாளை மாலைக்குள் என்னிடம் சொல்லவும். அதுவரை நிறுத்தப்பட்ட நான்கையும் அழிக்காமல் வைத்திருப்பேன். பி.எஃப். தேதி மாற்றத்தைக் கணக்கர் இன்றே தம் கைப்பேசியில் சரிபார்த்து ஒப்பமிடவும்.