சாமி இல்லாத கோயிலுக்குப் போனது

தாத்தாவின் நோட்டில் இந்தப் பகுதி இப்படித் தொடங்குகிறது: "1952-ம் வருஷம் சித்திரை மாசம் அடியேனும் தகப்பனாரும் கத்திரிக்காய் மூட்டை சகிதமாய் வேலூருக்குப் பிரயாணமானோம். வழியில் விசேஷமில்லை." விசேஷமில்லை என்றவர் வழியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். நடையை மட்டும் மாற்றினேன், குறும்பில் கை வைக்கவில்லை.

விரிஞ்சிபுரத்தில் வண்டி கட்டும்போது கோழி கூவவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். மாடுகளுக்கு வழி தெரியும், எனக்குத் தெரியாது. ஆனாலும் கயிறு என் கையில்தான் இருந்தது. பொய்கை தாண்டும் வரை நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒருதரம் பாலாற்றில் இறங்கினோம். கண்ணுக்கு எட்டியவரை மணல். அப்பா ஒரு முழம் தோண்டினார், ஊற்று கசிந்தது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து குடித்தோம். அந்த ருசியை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மார்க்கெட்டில் முள்ளுக் கத்திரி சீக்கிரமே விற்றுப்போயிற்று. விலையை எழுதமாட்டேன், கேட்டால் அழுவீர்கள். அப்புறம் அப்பா கோட்டைக்குக் கூட்டிப்போனார். அகழித் தண்ணீரைப் பார்த்ததும், ஆற்றில் இல்லாததெல்லாம் இங்கே வந்து ஒளிந்திருக்கிறது என்று தோன்றியது.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊர்ப்பக்கம் வேலூரைக் கேலி பேசுவார்கள். கோயில் அப்படித்தான் இருந்தது. கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரையும் துள்ள, கருவறையில் வௌவால் வாடை. அப்பா அந்த இருட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி எங்கேப்பா?"

"சத்துவாச்சாரியில இருக்காருடா."

"வீட்ல ஆள் இல்லாதப்போ எதுக்குக் கும்பிடணும்?"

"என்னிக்காவது திரும்பி வருவாரு. அப்போ நம்ம மூஞ்சி அவருக்கு ஞாபகம் இருக்க வேணாமா?"

சரி என்று நானும் கும்பிட்டேன். பசி அவசரத்தில் கும்பிட்ட கும்பிடு.

1981 மார்ச்சில் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பினார். அப்பா அதற்கு நாலு வருஷம் முந்தியே போய்விட்டார். நான் மட்டும் போனேன். ஜனம் நெரித்தது. கண்ணாடியை யாரோ தட்டிவிட்டார்கள், மேற்படி கண்ணாடி பிறகு கிடைக்கவேயில்லை. தீபாராதனையில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பின்னாலிருந்து தள்ளுவதற்குள் அவசரமாகச் சொல்லிவிட்டேன்: "விரிஞ்சிபுரம் கத்திரிக்காய்க்காரர் மகன் வந்திருக்கேன் சாமி."