கைத்தாள் 3: செல்லுபடியாகும் வாதமும் திடமான வாதமும்

பாலூட்டிகள் எல்லாம் நிலத்தில் வாழும். திமிங்கிலம் பாலூட்டி. ஆகவே திமிங்கிலம் நிலத்தில் வாழும்.

முடிவு அபத்தம்தான். ஆனாலும் இந்த வாதம் செல்லுபடியாகும். எடுகூற்றுகள், அதாவது முடிவுக்கு ஆதாரமாக முன்னால் வரும் வரிகள், இரண்டும் உண்மை என்று வைத்துக்கொண்டால் முடிவு பொய்யாக வழியே இல்லை. செல்லுபடி என்பது அவ்வளவுதான். அது வடிவத்தைப் பற்றியது, உலகத்தைப் பற்றியது அல்ல. முதல் எடுகூற்று பொய் என்பதால் வாதம் திடமானது அல்ல. செல்லுபடியாக வேண்டும், எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் திடம்.

சரி, முடிவு உண்மையாக இருந்தால்? போன வகுப்பில் பலரும் சறுக்கிய இடம் இது.

எல்லாப் பூனைகளும் விலங்குகள். சில விலங்குகள் கறுப்பு. ஆகவே சில பூனைகள் கறுப்பு.

மூன்று வரியும் உண்மை, வாதம் மட்டும் செல்லாது. ‘கறுப்பு’ இருக்கும் இடத்தில் ‘கொம்புள்ளவை’ என்று போட்டுப் பாருங்கள்: எடுகூற்றுகள் உண்மையாகவே நிற்கும், பூனைக்குக் கொம்பு முளைத்துவிடும்! செல்லாத வாதம் திடமாகாது என்பதால், எடுகூற்றுகள் உண்மையா என்ற அடுத்த கேள்விக்கே போக வேண்டாம்.

பயிற்சி: மீன்கள் எல்லாம் பாலூட்டிகள். டால்பின் ஒரு மீன். ஆகவே டால்பின் பாலூட்டி. செல்லுபடியாகுமா? திடமானதா? முடிவைக் கையால் மறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.