விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் போனில் சொல்வது

வணக்கம்க்கா, மாட்டுத்தாவணி பூக்கடையிலிருந்து பேசுகிறேன். நாளைக்குப் பூ எப்போது வேண்டும்? வீட்டுக்குக் கொண்டு வர, காலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஒரு நடை, ஐந்தரையிலிருந்து ஆறரை வரை ஒரு நடை. முதல் நடையில் இன்னும் நாலு வீடுதான் எடுக்க முடியும்.

மல்லிகை விடியற்காலை வரும் மொட்டுதான். வந்த பிறகுதான் கட்டுவோம். வாழையிலையில் சுற்றித் தருகிறோம், பிரிக்காமல் வையுங்கள், சாயங்காலம் விரியும். முதல்நாள் பூவைத் தண்ணீர் தெளித்துக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. வாடியிருந்தால் வாங்கவே வேண்டாம், பையனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எருக்கம்பூ மாலை, அருகம்புல், மாவிலை, வெற்றிலை பாக்கு, சூடம் எல்லாம் ஒரே பையில் வரும். பிள்ளையார் குடையும் வேண்டுமா? சரி, மல்லி விலையை மட்டும் காலையில்தான் சொல்ல முடியும்க்கா, மார்க்கெட் அப்படி. எத்தனை முழம் போடட்டும்?