நாவல் மரத்தடியில் ஒரு சிறுவன்

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் இமயமலை அடிவாரத்தில் கபிலவஸ்து என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே சாக்கியர்களின் தலைவர் சுத்தோதனர். அவர் மனைவி மாயாதேவி பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் லும்பினித் தோப்பிலேயே குழந்தை பிறந்துவிட்டது! அந்தத் தோப்பு இருந்த இடம் இன்று நேபாளத்தில் இருக்கிறது. குழந்தைக்குச் சித்தார்த்தன் என்று பெயர் வைத்தார்கள்.

ஏழாம் நாள் அம்மா இறந்துபோனார். அம்மாவின் தங்கை கௌதமிதான் குழந்தையைத் தூக்கி வளர்த்தார். சித்தார்த்தனுக்கு அவர்தான் அம்மா.

ஒரு நாள் ஊரில் ஏர் பூட்டும் விழா. சித்தார்த்தனை நாவல் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, பெரியவர்கள் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். ஏர் உழுத இடத்தில் புழுக்கள் நெளிந்தன. பறவைகள் பறந்து வந்து அவற்றைக் கொத்தின. காளைகள் மூச்சு வாங்கின. உழுகிறவர்களுக்கு வியர்வை கொட்டியது. எல்லாரும் விழா என்றார்கள். சித்தார்த்தனுக்கோ புழுவின் வலியும் காளையின் வலியும் தெரிந்தன. அவன் காலை மடித்து உட்கார்ந்து தன் மூச்சைக் கவனித்தான். காற்று உள்ளே வருகிறது, வெளியே போகிறது. மனம் குளம் மாதிரி அசையாமல் ஆனது.

யோசிப்போம்: எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் வருத்தமாக இருந்த நேரம் உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

செய்து பார்ப்போம்: கண்ணை மூடி, வயிற்றில் கை வையுங்கள். மூச்சு உள்ளே வரும்போது வயிறு மேலே எழும். பத்து மூச்சு எண்ணுங்கள். நடுவில் எண்ணிக்கை மறந்துபோகும், எல்லாருக்கும் அப்படித்தான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூச்சை அடக்க மட்டும் வேண்டாம், தலை சுற்றும்.

சித்தார்த்தன் வளர்ந்தான். யசோதரையை மணந்தான். ராகுலன் என்ற மகன் பிறந்தான். சித்தார்த்தனுக்குக் கவலையே தெரியக்கூடாது என்று அப்பா சுத்தோதனர் நினைத்தார். ஆனால் தேரோட்டி சன்னனோடு வெளியே போனபோது சித்தார்த்தன் ஒரு முதியவரைப் பார்த்தான், ஒரு நோயாளியைப் பார்த்தான், இறந்துபோன ஒருவரையும் பார்த்தான். "எனக்கும் இப்படி ஆகுமா?" என்று கேட்டான். "எல்லாருக்கும் ஆகும்" என்றான் சன்னன். பிறகு அமைதியான முகத்தோடு ஒரு துறவி நடந்து போனார்.

துன்பம் ஏன் வருகிறது? தெரிந்தே ஆகவேண்டும் என்று 29 வயதில் அரண்மனையை விட்டுப் போனான்.

யோசிப்போம்: அவன் போனபோது யசோதரைக்கு எப்படி இருந்திருக்கும்? ராகுலன் வளர்ந்ததும் என்ன கேட்டிருப்பான்?

சித்தார்த்தர் ஆறு ஆண்டுகள் காட்டில் ஐந்து நண்பர்களோடு கடுமையாகத் தவம் செய்தார். உடம்பை வாட்டினால் உண்மை தெரியும் என்று அன்று பலர் நம்பினார்கள். அவர் ஒரு கையளவு பயறுச் சாறு மட்டுமே குடித்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. எழுந்தால் விழுந்துவிடுவார். உண்மை மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் நாவல் மரத்தடி நினைவுக்கு வந்தது. அன்று அவர் பட்டினி கிடக்கவில்லை. ஆனாலும் மனம் எவ்வளவு தெளிவாக இருந்தது! வழி அதுதானோ?

சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டார். தவத்தை விட்டுவிட்டார் என்று நண்பர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் புத்தகயாவில் ஓர் அரசமரத்தடியில் அமர்ந்தார். நம் ஊர்களிலும் நிற்குமே, இலை நுனி வால்போல நீண்டிருக்குமே, அதே மரம்தான். அங்கே 35 வயதில் அவருக்கு விடை தெரிந்தது. அன்றிலிருந்து அவர் புத்தர். அதற்கு ‘விழித்தெழுந்தவர்’ என்று பொருள்.

தன்னை விட்டுப் போன நண்பர்களைத் தேடி, 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த சாரநாத்துக்குப் போய், முதலில் அவர்களுக்கே சொன்னார்: துன்பம் இருக்கிறது. ‘வேண்டும், வேண்டும்’ என்கிற ஆசையால் அது வருகிறது. அதை நிறுத்த முடியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது.

யோசிப்போம்: கோபித்துக்கொண்டு போன நண்பரிடம் நீங்களே முதலில் போய்ப் பேசியிருக்கிறீர்களா?

அதற்குப் பிறகு 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார். ஒருமுறை கிசா கோதமி என்ற தாய், இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "மருந்து கொடுங்கள்!" என்று அழுதாள். "யாருமே இறக்காத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா" என்றார். எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் தாத்தா இல்லை, இன்னொரு வீட்டில் மகள் இல்லை. மாலைக்குள் அவளுக்குப் புரிந்தது: அழுவது தான் மட்டும் இல்லை.

யோசிப்போம்: "குழந்தை திரும்ப வராது" என்று புத்தர் நேராகவே சொல்லியிருக்கலாமே? ஏன் வீடு வீடாக அனுப்பினார்?

80 வயதில் குசிநகரத்தில், இரண்டு சால மரங்களுக்கு நடுவே புத்தர் படுத்துவிட்டார். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஆனந்தர் தனியே போய்க் கதவோரம் சாய்ந்து அழுதார். புத்தர் ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டார். "அழாதே, ஆனந்தா. அன்பானவர்களைப் பிரியும் நாள் வரும் என்று சொல்லியிருக்கிறேனே. இத்தனை காலம் எவ்வளவு அன்பாக என்னைக் கவனித்துக்கொண்டாய்!" என்றார்.

யோசிப்போம்: உங்களை அன்பாகக் கவனித்துக்கொள்பவர் யார்? இன்று அவரிடம் என்ன சொல்வீர்கள்?