வடிகால் பணிக் கோப்பு: ஒப்புதல் வரிசைக் குறிப்பு

பெறுநர்: செயல் அலுவலர்
பொருள்: வார்டு 7 மழைநீர் வடிகால், 240 மீட்டர், மதிப்பீடு ரூ.18.60 லட்சம்

கோப்பின் 58 பக்கங்களும் அளவுப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. கையெழுத்துக்குக் கீழே எழுதியுள்ள தேதியே கணக்கில் எடுக்கப்பட்டது. கடித முகப்பில் தட்டச்சான தேதி அல்ல.

08.01.2024 – மதிப்பீடு தயாரிப்பு, இளநிலைப் பொறியாளர் (பக்.3)
19.01.2024 – மன்றத் தீர்மானம் 14, தலைவர்
24.01.2024 – நிர்வாக அனுமதி, செயல் அலுவலர் (பக்.12)
09.02.2024 – ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, செயல் அலுவலர் (பக்.19)
16.02.2024 – தொழில்நுட்ப அனுமதி, செயற்பொறியாளர் (பக்.16)
21.02.2024 – ஒப்பந்தப்புள்ளி திறப்பு, குழு (பக்.31)
26.02.2024 – விலை ஏற்பு, செயல் அலுவலர் (பக்.36)
01.03.2024 – பணி ஆணை, செயல் அலுவலர் (பக்.39)
04.03.2024 – ஒப்பந்தமும் காப்புத்தொகை ரசீதும் (பக்.41, 44)
18.04.2024 – அளவீடு, இளநிலைப் பொறியாளர்

தொழில்நுட்ப அனுமதி அறிவிப்புக்கு 7 நாள் பிந்தியது. பக்க எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பின்னால் வந்த ஆணையை முன்னால் கோத்திருக்கிறார்கள். அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையில் 12 நாள்தான். 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி ரூ.2 கோடி வரையான பணிக்குக் குறைந்தது 15 நாள் வேண்டும். குறைப்பதற்கு மேல் அலுவலர் காரணம் எழுதி ஆணையிட்டிருக்க வேண்டும். அந்த ஆணை கோப்பில் இல்லை. பணி ஆணையும் ஒப்பந்தத்துக்கு 3 நாள் முந்தியது. அந்த 3 நாளும் காப்புத்தொகையே இல்லாமல் தளம் ஒப்பந்ததாரர் கையில் இருந்திருக்கிறது.

திறப்புத் தாளில் மூன்று உறுப்பினர் பெயர் உண்டு, கையெழுத்து இரண்டு. கணக்கர் இடம் காலி. உதவி செயற்பொறியாளரின் மேலளவீட்டில் கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. பட்டியல் எழுதும் முன் அளந்தாரா, பின்பா என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் கனமானது அளவுப் புத்தகம் பக்.22. மண் தோண்டல் ஆழம் 0.75 என்றிருந்ததன் மேலேயே 0.90 என்று எழுதியிருக்கிறது; 7-இன் கால் இன்னும் தெரிகிறது. அடித்தெழுதிச் சுருக்கொப்பமிடவில்லை. 238 மீ நீளம், 0.90 மீ அகலத்துக்கு 160.65 கனமீட்டர் 192.78 ஆகிறது. 32.13 கனமீட்டருக்கான தொகை இந்த ஓர் எண்ணில் நிற்கிறது.

கணக்கர் திறப்பின்போது இருந்திருந்தால் இப்போது கையெழுத்திட்டு, இன்றைய தேதியையே போடட்டும். இல்லையென்றால் வராததைக் குறிப்பில் எழுதுங்கள். யாரிடமும் முன்தேதியிட்டு வாங்க வேண்டாம். அது விடுபட்ட கையெழுத்தைவிடப் பெரிய குற்றம். வரிசை மாறிய இரண்டு இடங்களுக்கும் 15 நாள் அவகாசம் தராததற்கும் தங்கள் எழுத்துமூல விளக்கம் கோப்பில் சேர வேண்டும். மேலளவீட்டுத் தேதியை உதவி செயற்பொறியாளர் கடிதம் மூலம் உறுதி செய்யட்டும். ஆழத்தை இரண்டு இடத்தில் ஓரம் தோண்டி, இரு பொறியாளர்களும் சேர்ந்து மறுபடி அளக்கும்வரை மண் தோண்டல் இனத்தை நிறுத்தி, மற்ற இனங்களும் மேலளவீட்டுத் தேதி உறுதியான பிறகே காசோலைக்குப் போகலாம்.

தணிக்கைப் பிரிவு, 29.04.2024